பக்கத்து வீட்டுச் சீனர்கள் ஏன் காகிதம் எரிக்கிறார்கள்? சிங் மிங், ஏழாம் மாதம்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

சிங்கப்பூருக்குப் புதிதாக வந்த நம் ஊர்க்காரர்கள் ஏப்ரலிலும் ஆகஸ்ட்டிலும் தவறாமல் கேட்கும் கேள்விகள் இவை. அவர்கள் கேட்டபடியே கேள்விகளை எழுதியிருக்கிறேன்.

எங்க புளோக்குக்குக் கீழே சீனர்கள் கட்டுக் கட்டாகக் காகிதம் எரிக்கிறார்களே, அது என்ன பூசை?

இறந்தவர்களுக்குப் பணமும் பொருளும் அனுப்புகிறார்கள். எரிவது வெற்றுக் காகிதம் அல்ல. வெள்ளித்தாள் அல்லது தங்கத்தாள் ஒட்டிய சதுரத் தாள்கள், மறு உலக வங்கியின் பெயரில் அச்சிட்ட நோட்டுகள், சட்டை, செருப்பு, கைத்தொலைபேசி மாதிரியான காகித உருவங்கள் எல்லாம் அதில் இருக்கும். தங்கத்தாள் தெய்வங்களுக்கு, வெள்ளித்தாள் இறந்தவர்களுக்கு என்பது பொதுவான வழக்கம்.

ஆனால் எந்த இறந்தவருக்கு என்று பார்க்க வேண்டும். தன் வீட்டுப் பெரியவருக்கு அனுப்புவது ஒன்று. சாலையில் அலையும், யாருமற்ற ஆவிகளுக்குக் கொடுப்பது இன்னொன்று. பார்க்க ஒரே மாதிரி இருந்தாலும் எரிக்கும் இடம், நாள், மனநிலை எல்லாம் வேறு. இதைப் பிரித்துப் பார்த்துவிட்டால் கீழே வரும் பாதிக் குழப்பம் தீர்ந்துவிடும்.

சிங் மிங், ஏழாம் மாசம் ரெண்டும் ஒண்ணுதானே? எப்போ வரும்?

ஒன்றல்ல. சிங் மிங் தன் முன்னோரின் கல்லறைக்குப் போகும் நாள். ஹொக்கியன் பேசுவோர் அதைச் செங் பெங் என்பார்கள். அது சூரியனை வைத்துக் கணக்கிடப்படுவதால் ஏறக்குறைய எல்லா ஆண்டும் ஏப்ரல் 4 அல்லது 5-ஆம் தேதி வந்துவிடும். நம் சித்திரை முதல் தேதி பெரிதாக நகராமல் இருப்பதற்கும் அதே காரணம்தான். அன்றைக்கே போக முடியாவிட்டால் முன்னும் பின்னும் பத்து நாளுக்குள் போகலாம். மார்ச் கடைசி ஞாயிற்றுக்கிழமையே சுவா சூ காங் கல்லறைப் பக்கம் வண்டிகள் நெரிவது அதனால்தான்.

ஏழாம் மாதம் ஆவிகள் வெளியே வரும் மாதம், அது நிலவைப் பின்பற்றுவது. அமாவாசையை ஒட்டித் தொடங்கி அடுத்த அமாவாசையை ஒட்டி முடியும். முதல் நாள் மறு உலகத்தின் கதவு திறக்கிறது, கடைசி நாள் மூடுகிறது, நடுவில் பௌர்ணமியை ஒட்டிய பதினைந்தாம் நாள் முக்கியம். 2024-இல் அந்த மாதம் ஆகஸ்ட் 4 அன்று தொடங்கியது. அன்று நமக்கு ஆடி அமாவாசை. இது தற்செயல் இல்லை. பெரும்பாலான ஆண்டுகளில் ஆடி அமாவாசை அன்றோ அடுத்த நாளோ ஏழாம் மாதம் பிறக்கும். நம்மவர்கள் தர்ப்பணம் கொடுத்துவிட்டு வீட்டுக்குத் திரும்பும் நேரத்தில் பக்கத்து வீட்டில் முதல் ஊதுபத்தியைக் கொளுத்துவார்கள்.

2025 விதிவிலக்கு. சீன நாட்காட்டியில் ஆறாம் மாதம் இரண்டு முறை வந்ததால் ஏழாம் மாதம் ஆகஸ்ட் 23-க்குத் தள்ளிப்போய், செப்டம்பர் 21 அன்று முடிந்தது. அன்று மகாளய அமாவாசை. அந்த ஆண்டு அவர்களுடைய மாதத்தின் பின்பாதியும் நம்முடைய மகாளய பட்சமும் ஒன்றாகவே ஓடின.

சிங் மிங் அன்னைக்குக் கல்லறையில என்னதான் செய்யறாங்க?

எங்கள் மாடியில் இருக்கும் ஒரு ஹொக்கியன் குடும்பத்தோடு சுவா சூ காங் கல்லறைக்குப் போயிருக்கிறேன். விடிவதற்கு முன்பே கிளம்பிவிட்டார்கள், வெயிலுக்கும் கூட்டத்துக்கும் பயந்து. முதல் வேலை துப்புரவு. புல்லைப் பிடுங்கி, கல்லைக் கழுவி, பொறித்த எழுத்துகளில் சாயம் மங்கிய இடத்தில் புதிதாகத் தீட்டினார்கள். வீட்டுப் பையன்கள் இருவரும் தூரிகையோடு உட்கார்ந்து தாத்தாவின் பெயரை ஒவ்வொரு கோடாகப் பூசிக்கொண்டிருந்தார்கள். வீட்டில் ஆங்கிலம் மட்டுமே பேசும் பிள்ளைகள் அவர்கள்.

துப்புரவு முடிந்ததும் முதல் படையல் தாத்தாவுக்கு இல்லை. கல்லறையின் ஓரத்தில் சின்னதாக ஒரு கல் இருக்கும், அது அந்த நிலத்தைக் காக்கும் தெய்வத்துடையது. அவருக்கு மெழுகுவர்த்தி ஏற்றி, ஊதுபத்தி வைத்து, பழம் கொடுத்த பிறகுதான் முன்னோர் பக்கம் திரும்புகிறார்கள். அடுத்து சாப்பாடு: வேகவைத்த கோழி, பன்றி இறைச்சி, சோறு, தேநீர், தாத்தாவுக்குப் பிடித்த ஒன்றிரண்டு பலகாரம். சிலர் வேகவைத்த சிப்பியைக் கல்லறையிலேயே தின்றுவிட்டு ஓட்டை அங்கேயே இறைத்துவிடுவார்கள். அந்த ஓடு செல்வத்தின் அடையாளம், பிள்ளைகள் வந்து போனதற்குச் சாட்சியும்கூட. வண்ணத் தாள்களைக் கல்லறை மேட்டின் மேல் பரப்பிச் சிறு கல்லால் அழுத்தி வைப்பதும் அதற்காகவே. வண்ணத் தாள் இல்லாத கல்லறையைக் கடந்து போகும்போது அங்கிருந்த ஆன்ட்டி குரலைத் தாழ்த்தி, "யாரும் வரல" என்றார். அதில் கொஞ்சம் குற்றச்சாட்டும் இருந்தது.

மூத்தவரில் தொடங்கி வயது வரிசையில் ஒவ்வொருவராக ஊதுபத்தி பிடித்து வணங்குவார்கள். பிறகு காத்திருக்க வேண்டும், ஏனென்றால் தாத்தா சாப்பிட்டுக்கொண்டிருக்கிறார். சாப்பிட்டு முடித்தாரா என்று தெரிந்துகொள்ள இரண்டு நாணயத்தை எடுத்துப் போடுவார்கள். ஒன்று தலையும் ஒன்று பூவுமாக விழுந்தால் "ஆயிற்று" என்று பொருள். இரண்டும் ஒரே மாதிரி விழுந்தால் இன்னும் ஆகவில்லை, கொஞ்சம் நேரம் கழித்து மறுபடி போட வேண்டும். கோயில்களில் இதற்குப் பிறை வடிவ மரத்துண்டுகள் வைத்திருப்பார்கள். நாணயம் ஒப்புக்கொண்ட பிறகே காகிதப் பணத்தை எரிப்பார்கள், அதற்குப் பிறகே நாம் சாப்பிடலாம்.

காகிதத்தை எரிச்சா அது எப்படி அவங்களுக்குப் போய்ச் சேரும்? படிச்சவங்களும் நம்புறாங்களா?

வழியிலேயே பறிபோகாமல் சேர வேண்டும் என்பதற்கு நிறைய ஏற்பாடு இருக்கிறது. கட்டின் மேல் பெறுபவர் பெயரை எழுதுவார்கள். எரிக்கும் இடத்தைச் சுற்றிக் கோடு கிழிப்பார்கள், அல்லது தேநீரோ மதுவோ ஊற்றி வட்டம் போடுவார்கள். வட்டத்துக்கு வெளியே கொஞ்சம் தாள் தனியாக எரியும். அது அக்கம்பக்கத்து ஆவிகளுக்கு, தாத்தாவின் கட்டில் கை வைக்காமல் இருப்பதற்காக. தாள் முழுவதும் சாம்பலாக வேண்டும். பாதி எரிந்தது கிழிந்த நோட்டு மாதிரி செல்லாது என்பார்கள், அதனால் கம்பியால் கிளறிக்கொண்டே நிற்பார்கள்.

நம்பிக்கையைப் பற்றிக் கேட்டால் பெரும்பாலும் சிரிப்பார்கள். "எனக்குத் தெரியாது, அம்மா செய்யச் சொன்னாங்க" என்பதுதான் நான் அதிகம் கேட்ட பதில். நாம் காக்கைக்குச் சோறு வைக்கும்போது தாத்தாதான் காக்கையாக வந்தாரா என்று யாராவது மடக்கினால் என்ன சொல்வோம்? அதே நிலைதான். முதல் நாள் இரவு வீட்டார் எல்லோரும் தரையில் உட்கார்ந்து வெள்ளித்தாளைப் படகு வடிவத்தில் மடிக்கும்போது, இறந்தவரைப் பற்றிய பேச்சு தானாக வந்துவிடுகிறது. கேலியும் சண்டையும் சேர்ந்தே வரும்.

ஏழாம் மாசம் ராத்திரி வெளியே போகக்கூடாதாமே? சாலையோரப் படையலை மிதிச்சுட்டேன், ஏதாவது ஆகுமா?

சீனப் பெரியவர்கள் சொல்லும் விலக்குகள் பல: இரவில் நீந்தாதே, யாராவது பின்னால் பெயர் சொல்லிக் கூப்பிட்டால் திரும்பாதே, கல்யாணமும் புதுமனை புகுதலும் தள்ளிப்போடு. நம் ஆடி மாதக் கட்டுப்பாடுகளைப் பார்த்தவர்களுக்கு இது புதிதில்லை. வேலைக்குப் போகிற சீனர்கள் எல்லோரும் இரவில் வெளியே போகத்தான் செய்கிறார்கள்.

புல்தரையிலும் நடைபாதை ஓரத்திலும் வைக்கும் சோறு, ஆரஞ்சு, பிஸ்கெட், சின்ன மெழுகுவர்த்தி எல்லாம் யாருமற்ற ஆவிகளுக்கு. தெரியாமல் மிதித்துவிட்டால் மனத்துக்குள் மன்னிப்புக் கேட்டுவிட்டு நடக்கச் சொல்வார்கள். வீட்டுக்காரர் பார்த்துவிட்டால் அவரிடமே ஒரு வார்த்தை சொல்லுங்கள், யாரும் கோபித்துக்கொள்ள மாட்டார்கள். தெரிந்தே காலால் தள்ளுவதோ, படம் எடுக்கக் குனிந்து பழத்தை நகர்த்துவதோ வேறு கதை.

உண்மையான தொந்தரவு சாம்பல்தான். நகர மன்றம் இதற்கென்றே இரும்புத் தொட்டிகள் வைத்திருக்கிறது, அதில்தான் எரிக்க வேண்டும். மேல் மாடிக்குச் சாம்பல் பறந்துவந்தால் நேரடியாகப் போய்ச் சண்டை போடாதீர்கள். அவர் அப்பாவுக்குக் கொடுத்துக்கொண்டிருக்கும் நேரமாக இருக்கலாம். துணியை உள்ளே எடுத்துப் போட்டுவிட்டு, திறந்தவெளியில் எரிக்கும் பழக்கம் தொடர்ந்தால் நகர மன்றத்திடம் சொல்லுங்கள்.

பேய்க்குப் பயப்படுற மாசத்துல எதுக்குப் பாட்டுக் கச்சேரியும் விருந்தும் ஏலமும்?

பயம் மட்டும் இருந்தால் கதவைச் சாத்திக்கொண்டு இருக்கலாமே. பசித்தவர்கள் வீதிக்கு வந்திருக்கிறார்கள், அவர்களுக்குச் சாப்பாடு போட்டு, பொழுதுபோக்குக் காட்டி, திருப்தியாக அனுப்ப வேண்டும் என்பதே ஏற்பாடு. இதன் வேர் நாம் அறிந்த மண்ணில் இருக்கிறது. புத்தரின் சீடர் மௌத்கல்யாயனர் இறந்த தன் தாய் பசித்த ஆவியாகத் தவிப்பதைக் காண்கிறார். அவர் கொடுத்த சோறு தாயின் வாய்க்குப் போகும்முன் நெருப்பாகிவிடுகிறது. மழைக்காலத் தங்கல் முடியும் ஏழாம் மாதப் பௌர்ணமியில் துறவிகளுக்கு உணவளித்தால் அந்தப் புண்ணியம் தாயைச் சேரும் என்கிறார் புத்தர். சீனாவில் இந்தக் கதை மூலியென் என்ற பெயரில் நாடகமாகவே ஆடப்பட்டது. அதே நாள் தாவோ சமயத்தாருக்கும் முக்கியமான நாள் என்பதால் இரண்டும் சேர்ந்துவிட்டன.

கெத்தாய் எனும் பாட்டுக் கச்சேரி மேடைக்கு முன்னால் முதல் வரிசை நாற்காலிகள் காலியாக இருப்பதைப் பார்த்திருப்பீர்கள். அவை ஆவிகளுக்கு. அங்கே போய் உட்காராதீர்கள். முன்பெல்லாம் சீன இசைநாடகமும் பொம்மலாட்டமும் நடந்தன. இப்போது மினுக்கும் உடையில் பாடகிகளும் நகைச்சுவையும்தான் அதிகம். பினாங்குப் பக்கம் போனால் ஆவிகளின் அரசரை ஆளுயரத்துக்கு மேலாகக் காகிதத்திலும் மூங்கிலிலும் செய்து நிறுத்தியிருப்பார்கள். பார்க்கவே பயங்கரமான அந்த உருவத்தின் தலையில் கருணையின் தெய்வமான குவான் யின் சின்னதாக உட்கார்ந்திருப்பார். கடைசியில் மொத்தமாக எரித்துவிடுவார்கள்.

விருந்தில் நடக்கும் ஏலம்தான் எனக்குப் பிடித்தது. சிவப்புத் தாள் சுற்றிய ஒரு கரித்துண்டு ஆயிரக்கணக்கான வெள்ளிக்குப் போகும். வியாபாரிகள் போட்டி போட்டுக் கேட்பார்கள். எடுத்தவர் பணத்தைப் பெரும்பாலும் அடுத்த ஆண்டு விருந்துக்குள் கட்டினால் போதும். அந்தப் பணத்தில்தான் அடுத்த ஆண்டுச் செலவு நடக்கிறது, மிச்சம் தர்மத்துக்கும் போகிறது. ஆக, இந்த ஆண்டு ஏலம் எடுத்தவர் அடுத்த ஆண்டு வந்தே ஆக வேண்டும். ஒரே சந்தைக் கடைக்காரர்களை ஆண்டுக்கு ஆண்டு கட்டிவைக்கும் கயிறு இது.

நாம கொடுக்கிற திவசமும் இதுவும் ஒண்ணுதானா?

கடமை ஒன்று, கணக்கு வேறு. தர்ப்பணத்தில் அப்பா, தாத்தா, கொள்ளுத்தாத்தா என மூன்று தலைமுறையைப் பெயர் சொல்லிக் கூப்பிடுகிறோம். தாய்வழியிலும் அப்படியே மூன்று தலைமுறையைக் கூப்பிடுகிறோம். புதிதாக ஒருவர் சேரும்போது மேலே இருந்தவர் பெயர் சொல்லும் வரிசையிலிருந்து நழுவிவிடுகிறார். சீன வழக்கத்தில் வீட்டு மாடத்தில் இருப்பது தந்தைவழி மட்டும். ஒவ்வொருவருக்கும் பெயர் எழுதிய ஒரு மரப்பலகை. ஏறக்குறைய ஐந்து தலைமுறைக்குப் பிறகு பழைய பலகையை எடுத்துக் குலக் கூடத்துக்கு அனுப்புவார்கள், அல்லது எரித்துவிட்டு "முன்னோர் அனைவரும்" என்று எழுதிய பொதுப் பலகையில் சேர்த்துவிடுவார்கள்.

இன்னொரு வேறுபாடு எரிப்பதும் புதைப்பதும். நமக்குக் கல்லறை இல்லாததால் நீர்நிலையும் நாளும்தான் முகவரி. அவர்களுக்குக் கல்லே முகவரி. பழைய சீனக் கல்லறைக் கல்லில் இறந்தவர் பெயரோடு சீனத்தில் அவருடைய பூர்வீக ஊரும், கல்லை நாட்டிய மகன்கள், பேரன்களின் பெயர்களும் இருக்கும். பல குலங்களில் ஒரே தலைமுறையில் பிறந்த அண்ணன் தம்பிகள், பெரியப்பா சித்தப்பா பிள்ளைகள் எல்லோரும் பெயரில் ஓர் எழுத்தைப் பொதுவாக வைத்துக்கொள்வார்கள். எந்தத் தலைமுறைக்கு எந்த எழுத்து என்பதைப் பாட்டாகவே எழுதி வைத்திருப்பார்கள். முகம் பார்த்திராத உறவினர் வந்தாலும் பெயரைக் கேட்டு, அவர் நமக்குத் தம்பி முறையா சித்தப்பா முறையா என்று சொல்லிவிடலாம். இங்கே பிறந்த இளையவர்களிடம் இந்தப் பழக்கம் குறைந்துகொண்டே வருகிறது.

பொண்ணுங்களுக்கு இதுல இடமே இல்லையா?

உண்டு, ஆனால் கணவன் வீட்டில். மணமான பெண் இறந்தால் அவள் பலகை கணவனுடைய மாடத்தில் வைக்கப்படும், அவள் பெற்ற பிள்ளைகள் படைப்பார்கள். பிறந்த வீட்டு மாடத்தில் அவளுக்கு இடம் கிடையாது. சிக்கல் மணமாகாமல் இறந்த பெண்ணுக்குத்தான். பிறந்த வீட்டில் வைக்கக்கூடாது, புகுந்த வீடு இல்லை. பழைய வழக்கப்படி அவள் பலகை கோயிலுக்குப் போகும். இறந்த பெண்ணுக்கு இறந்த ஆணையோ, தைவானில் சில இடங்களில் உயிரோடிருக்கும் ஆணையோ மணம் முடித்து வைத்து அவளுக்கு ஒரு வீட்டைத் தேடிக்கொடுத்ததும் உண்டு. சிங்கப்பூரிலும் இப்படி ஆவித் திருமணங்கள் நடந்ததை 1950-களில் ஆய்வாளர்கள் பதிவு செய்திருக்கிறார்கள்.

நம் கிராமங்களில் மணமாகாமல் இறந்த பெண்ணை வீட்டிலேயே கன்னித் தெய்வமாக வைத்துப் புதுத்துணி படைக்கிறோம். அதே சிக்கலுக்கு நேர்எதிரான தீர்வு: அவர்கள் வெளியே ஓர் இடம் பார்த்தார்கள், நாம் வீட்டுக்குள் வைத்துத் தெய்வமாக்கினோம். இதில் எது பெண்ணுக்கு நல்லது என்று நான் தீர்ப்புச் சொல்லப் போவதில்லை. ஆனால் இன்று சிங்கப்பூரில் ஊதுபத்தி பிடிப்பதும் செலவு செய்வதும் நாள் குறிப்பதும் பெரும்பாலும் மகள்கள்தான் என்பதைக் கண்ணால் பார்க்கிறேன். கோயில்களும் மகள் கேட்டால் அவள் பெற்றோரின் பலகையை மறுக்காமல் வைக்கின்றன.

ஜப்பான்லயும் இப்படி ஒண்ணு இருக்காமே?

ஓபோன். மேலே சொன்ன மௌத்கல்யாயனர் கதைதான் அங்கும் மூலம், ஆனால் அச்சம் கிட்டத்தட்ட காணாமல் போய்விட்டது. பெரும்பாலான இடங்களில் ஆகஸ்ட் 13 முதல் 16 வரை. முன்னோர் வீட்டுக்கு விருந்தாளியாக வருகிறார்கள். 13-ஆம் தேதி வாசலில் சின்னத் தீ மூட்டி அழைப்பார்கள், 16-ஆம் தேதி தீ மூட்டி வழியனுப்புவார்கள். வெள்ளரிக்காய்க்குக் குச்சிக் கால் வைத்தால் குதிரை, கத்தரிக்காய்க்கு வைத்தால் மாடு. சீக்கிரம் வந்து சேரக் குதிரை, மெதுவாகத் திரும்பிப் போக மாடு. கியோட்டோவில் 16-ஆம் தேதி இரவு ஐந்து மலைகளில் பெரும் தீ எரியும். நகரத்தில் வேலை பார்க்கும் பிள்ளைகள் அந்த வாரம் ஊருக்குப் போவதால் ரயில்களில் இடமே கிடைக்காது.

கிறிஸ்தவச் சீனர்கள் என்ன செய்யறாங்க?

கத்தோலிக்கர்களுக்கு இது நூறாண்டுக்கும் மேல் நீண்ட சர்ச்சையாக இருந்தது. முன்னோர் பலகை முன் குனிவது வழிபாடா, மரியாதையா? சீனாவில் பணியாற்றிய இயேசு சபையார் மரியாதை என்றார்கள், மற்ற சபையார் மறுத்தார்கள். 1742-இல் ரோம் முழுமையாகத் தடை போட்டது. 1939-இல் அதைத் தளர்த்தி, இறந்தவர் படத்துக்கும் பலகைக்கும் முன் குனிந்து மரியாதை செய்யலாம் என்றது. ஆகவே இன்று கத்தோலிக்கச் சீனர்கள் சிங் மிங்குக்குப் பூவும் செபமுமாகப் போவார்கள், சிலர் ஊதுபத்தியும் வைப்பார்கள். புரொட்டஸ்டன்ட் சபையார் பொதுவாக ஊதுபத்தியையும் படையலையும் தவிர்த்து, துப்புரவு செய்து பூ வைப்பதோடு நிறுத்திக்கொள்கிறார்கள். ஒரே குடும்பத்தில் அண்ணன் தாவோ, தங்கை மெதடிஸ்ட் என்றால் கல்லறையில் அண்ணன் எரிப்பார், தங்கை புல் பிடுங்குவார். பெரும்பாலும் இப்படித்தான் சமாளிக்கிறார்கள்.

கல்லறையையே அரசாங்கம் தோண்டிட்டா அப்புறம் எங்கே போவாங்க?

சிங்கப்பூரில் இது கற்பனைக் கேள்வி இல்லை. இப்போது புதிதாகப் புதைக்க இடம் தருவது சுவா சூ காங் மட்டும்தான். 1998 முதல் அங்கும் 15 ஆண்டுதான் வரம்பு. அதன்பின் தோண்டி எடுத்து, சமயம் அனுமதித்தால் எரித்து, அஸ்தியை மாடத்தில் வைக்கிறார்கள். நான் மேலே சொன்ன குடும்பத்தின் தாத்தா அதற்கு முந்தைய காலத்தவர், ஆனால் அவர்களுக்கும் என்றைக்கு அறிவிப்பு வருமோ என்ற நினைப்பு உண்டு.

புக்கிட் பிரௌன் கல்லறைத் தோட்டம் 1922 முதல் 1973 வரை செயல்பட்டது. ஏறத்தாழ 1 லட்சம் சீனக் கல்லறைகள் அங்கே உண்டு. 2011-இல் அதன் குறுக்கே சாலை அமைக்கத் திட்டம் அறிவிக்கப்பட்டது. 3,700-க்கும் மேற்பட்ட கல்லறைகள் தோண்டப்பட்டன. அதற்கு முன் அவை ஒவ்வொன்றாகப் பதிவு செய்யப்பட்டன, தன்னார்வலர்கள் மக்களை அழைத்துப்போய்ச் சுற்றிக்காட்டத் தொடங்கினார்கள். எங்கே இருக்கிறார் என்றே மறந்துபோன கொள்ளுத்தாத்தாவைப் பலர் அப்போதுதான் கண்டுபிடித்தார்கள். நம்மவர்கள் போனால் ஒன்றைக் கட்டாயம் பாருங்கள்: சில செல்வந்தர்களின் கல்லறை வாசலில் தலைப்பாகையோடு சீக்கியக் காவலர் சிலைகள் நிற்கின்றன. உயிரோடிருந்தபோது வாசலில் நின்ற காவலரை மறு உலகத்துக்கும் கேட்டிருக்கிறார்கள்.

அஸ்தி மாடத்தில் வழக்கம் சுருங்கிவிடுகிறது. ஆளுக்கு ஒரு சின்னப் பலகை, எதிரே நிற்க இடம் குறைவு, எரிப்பதற்குப் பொதுத் தொட்டி. பிடுங்கப் புல் இல்லை, தீட்ட எழுத்து இல்லை. அரை நாள் வேலை அரை மணியில் முடிகிறது. பிள்ளைகள் தாத்தாவைப் பற்றிக் கேள்வி கேட்ட நேரம் அந்த அரை நாள்தான் என்பதால் எனக்கு இது பெரிய இழப்பாகவே தெரிகிறது, வசதியாகிவிட்டது என்று சொல்பவர்களே அதிகம் என்றாலும்.

நான் சீனக் குடும்பத்துல கல்யாணம் பண்ணிக்கிட்டேன். மாமியார் ஊதுபத்தி பிடிக்கச் சொல்றாங்க. பிடிக்கலாமா?

அவர் உங்களை அழைப்பது பெரிய விஷயம். முன்பே சொன்னபடி, அந்த மாடத்துக்கு முன் நிற்கும் இடம் மருமகளுக்கு உண்டு. வெளியாளுக்கு இல்லை. உங்களை ஒதுக்கியிருந்தால்தான் வருத்தப்பட வேண்டும். எத்தனை ஊதுபத்தி, எத்தனை முறை குனிவது என்பது வீட்டுக்கு வீடு மாறும், மாமியாரைப் பார்த்து அப்படியே செய்யுங்கள். ஊதுபத்தி மனத்துக்கு ஒப்பவில்லை என்றால் முன்கூட்டியே கணவர் மூலம் சொல்லிவிட்டு, கைகூப்பி நில்லுங்கள். கல்லறை முன்னால் போய் மறுப்பதுதான் புண்படுத்தும். மாதவிலக்கு, கர்ப்பம் என்றால் வர வேண்டாம் என்று சில வீடுகளில் சொல்வார்கள். அது உங்களுக்கு மட்டுமான விலக்கு இல்லை, அவர்கள் மகளுக்கும் அதே.

சைவமாக இருப்பவர்கள் படைத்த கோழியைச் சாப்பிட வேண்டியதில்லை, ஆரஞ்சை எடுத்துக்கொள்ளலாம். உங்கள் அப்பாவின் திதி வந்தால் கணவரையும் வரச் சொல்லுங்கள். எனக்குத் தெரிந்த ஒரு வீட்டில் சீன மருமகன்தான் அமாவாசையன்று வாழை இலை வாங்கி வருகிறார்.

பிள்ளை இல்லாதவங்களுக்கு யார் செய்வாங்க?

சீன வழக்கத்தில் எல்லாம் இந்தக் கேள்வியில்தான் வந்து நிற்கிறது. படைக்க ஆள் இருந்தால் முன்னோர், இல்லாவிட்டால் சாலையோரத்தில் அலையும் ஆவி. முதல் கேள்வியில் சொன்ன இரண்டு வகை எரிப்பும் இந்தக் கோட்டின் இரு பக்கமும்தான். அதனால் பிள்ளையில்லாதவர்கள் அண்ணன் மகனைத் தத்து எடுத்ததும், ஊர்ச்சங்கத்தில் சேர்ந்ததும் அன்று சாதாரணம். கூலியாகத் தனியே வந்து இங்கேயே இறந்த ஆயிரக்கணக்கானவர்களுக்கு ஊர்ச்சங்கங்களே இடம் வாங்கிப் புதைத்து, சிங் மிங்குக்கு உறுப்பினர்கள் கூடிப் படையல் வைத்தன. சில சங்கங்கள் இன்னும் அதைச் செய்கின்றன.

இப்போது தனியாக இருப்பவர்கள் உயிரோடிருக்கும்போதே கோயிலில் பலகைக்குப் பணம் கட்டி வைத்துவிடுகிறார்கள். அந்தப் பலகையைச் சிவப்புத் தாளால் சுற்றி மூடி வைப்பார்கள், அவர் இறந்த பிறகு பிரிப்பார்கள். அதன்பின் துறவிகள் சிங் மிங்குக்கும் ஏழாம் மாதத்துக்கும் எல்லாப் பலகைக்கும் சேர்த்து ஓதிவிடுவார்கள். அஸ்தியைக் கடலில் கரைக்கச் சொல்லிவிட்டு, பலகையும் வேண்டாம் என்பவர்களும் கூடிவருகிறார்கள். அப்படிப்பட்டவர்களை நினைத்தோ என்னவோ, எங்கள் மாடி ஆன்ட்டி ஏழாம் மாதம் பெயர் எழுதாத ஒரு கட்டைத் தனியாக எரிக்கிறார்.